பெயர் பார்க்காத பணம்

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் இருந்தேன். முந்நூறு பேருக்கு மாதா மாதம் சம்பளம் போடுவது என் வேலை. ஒரு ஜூலை மாதம் 27-ம் தேதி, மதியச் சாப்பாட்டு மணி அடித்த நேரம். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் என் மேஜைக்கு வந்தார். வீட்டுக் கடன் வாங்கியிருந்தார். கடன் கொடுத்த வங்கியிலேயே சம்பளக் கணக்கும் இருந்தால் வட்டியில் கொஞ்சம் குறைப்பார்களாம். அதனால் அங்கே கணக்கு தொடங்கிவிட்டார்.

“பேங்க் மாத்திட்டனுங் சார். இந்த மாசத்துல இருந்து இதுல போட்டுருங்க” என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய ஒரு நீள எண். அதற்குக் கீழே வங்கியின் பெயர். அவ்வளவுதான்.

“பழைய கணக்கு இருக்கும்மா?”

“நேத்துத்தான் போய் மூடிட்டு வந்தனுங்க.”

அந்த ஒரு பதிலுக்கு அவர் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன். வங்கி மாறியதை அலுவலகத்துக்குத் தெரிவிப்பதற்குக் கடிதம் எதற்கு, வாயால் சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று புரியும்.

முதலில் ஒரு விஷயம். நாம் ஒருவருக்குப் பணம் அனுப்பும்போது பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி என மூன்றையும் எழுதுகிறோம். மூன்றையும் வங்கி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வரவு வைக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. பணம் எண்ணை மட்டும் பார்த்துப் போகிறது. மின்னணுப் பரிமாற்றத்தில் வரவு வைப்பது கணக்கு எண்ணை மட்டுமே வைத்து நடக்கும், பெயர் அதற்குப் பயன்படாது, எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புகிறவரின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரில் சுற்றறிக்கையாகவே சொல்லிவிட்டது. அனுப்புகிறவர் என்றால் இங்கே கம்பெனி. கம்பெனிக்கு எண்ணைக் கொடுப்பவர் நீங்கள்.

தப்பான எண்ணில் கணக்கே இல்லையென்றால் பணம் திரும்பி வந்துவிடும். அது நல்ல காலம். அந்த எண்ணில் யாரோ ஒருவருக்கு உயிருள்ள கணக்கு இருந்துவிட்டால் உங்கள் சம்பளம் அவருக்குப் போய்ச் சேரும். அவர் சம்மதம் இல்லாமல் வங்கி சட்டென்று எடுத்துத் தர முடியாது. கம்பெனி தன் வங்கிக்கு எழுத, அது அந்த வங்கிக்கு எழுத, அது அந்த வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்க, நீங்கள் மளிகைக் கடையில் கடன் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

2025 ஏப்ரலிலிருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்பும்போது, பெறுகிறவரின் பெயர் திரையில் தெரியும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஏற்பாடு செய்தது. வீட்டில் உட்கார்ந்து ஒருவருக்கு அனுப்பும்போது இது பெரிய உதவி. முந்நூறு பேர் சம்பளத்தை ஒரே கோப்பாக ஏற்றுகிற மாதக் கடைசியில் எந்தக் கணக்கரும் முந்நூறு பெயரையும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதில்லை. பார்ப்பதானால் ஒரே ஒரு தடவைதான் பார்ப்பார்: உங்கள் புதிய எண்ணைப் பட்டியலில் ஏற்றுகிற அன்று. அன்று அவர் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இப்போது எண் எப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்ப்போம். கையெழுத்தில் 1-ம் 7-ம், 0-வும் 6-ம் ஒன்றுபோல் தெரிவது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஐஎஃப்எஸ்சியில் வேறொரு பொறி இருக்கிறது. அது 11 இலக்கக் குறியீடு. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். கடைசி ஆறும் கிளையைக் குறிப்பவை. நடுவில் ஐந்தாவதாக இருப்பது எந்த வங்கியானாலும் பூஜ்யம்தான். இதை ஆங்கில ‘ஓ’ என்று எண்ணி எழுதுகிறவர்கள் ஏராளம். எழுதுவதிலாவது தப்பில்லை, இரண்டும் வட்டம்தான். தட்டச்சு செய்யும்போது கணினி அதை வேறு குறியீடாக எடுத்துக்கொண்டு ‘செல்லாது’ என்று துப்பிவிடும். ஐந்தாவது இடம் பூஜ்யம் என்று நினைவில் வைத்தால் போதும்.

கணக்கு எண்ணுக்கு இப்படி ஒரே அளவு கிடையாது. ஸ்டேட் பாங்கில் 11 இலக்கம், ஹெச்டிஎஃப்சியில் 14, பஞ்சாப் நேஷனல் வங்கியில் 16. ஓர் இலக்கம் விட்டுப்போனால், பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க வழியில்லை. அந்த ஸ்டோர்ஸ் பெண்ணின் சீட்டில் இருந்தது 16 இலக்க எண். அதனால் எக்செல் செய்யும் ஒரு குறும்பையும் சொல்லியாக வேண்டும்.

சிறிய, நடுத்தரக் கம்பெனிகள் பலவற்றில் சம்பளப் பட்டியல் எக்செலில்தான் இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கம் எதுவாக இருந்தாலும் பூஜ்யமாக்கிவிடும். உதாரணத்துக்கு ஒரு கற்பனை எண்ணை அடித்துப் பாருங்கள்:

```
அடித்தது:        4321876543210987
திரையில் தெரிவது: 4.32188E+15
உள்ளே இருப்பது:   4321876543210980
```

கடைசி 7 போய்விட்டது. கணினி எந்த எச்சரிக்கையும் தராது. எண் பூஜ்யத்தில் தொடங்கினால் முன்னால் உள்ள பூஜ்யங்களும் காணாமல் போகும். அனுபவமுள்ள கணக்கர் அந்த நெடுவரிசையை முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றி வைத்திருப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் மாற்றியிருக்க மாட்டான். நான் சேர்ந்த புதிதில் மாற்றவில்லை. திரும்பி வந்த சம்பளத்தை வைத்துக்கொண்டு, காசோலையில் உள்ள எண்ணையும் பட்டியலில் உள்ள எண்ணையும் அரை நாள் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் கடைசி இலக்கம் கண்ணில் பட்டது.

உங்கள் எண்ணுக்கு இது நேர்ந்திருக்கிறதா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். சம்பளச் சீட்டில் கணக்கு எண்ணை முழுதாக அச்சிடும் கம்பெனியானால் அதன் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். அச்சிடாவிட்டால் கணக்குப் பிரிவுக்குப் போய், “என் எண்ணோட கடைசி நாலு இலக்கம் படிங்க” என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

ரத்து செய்த காசோலை கேட்பதும் எண் கெடாமல் இருக்கத்தான். அது வங்கியே அச்சிட்ட எண். கையெழுத்துப் பிசகுக்கு அங்கே இடமில்லை. பெயரும் ஐஎஃப்எஸ்சியும் அதே தாளில் இருக்கும். காசோலையின் குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் ‘ரத்து’ என்றோ, ஆங்கிலத்தில் அதே சொல்லையோ எழுதுங்கள். கோடு எண்ணின் மேல் விழக்கூடாது. கையெழுத்துப் போடத் தேவையில்லை, போடவும் வேண்டாம். காசோலையின் அடியில் காந்த மையில் வரிசையாக ஓடும் எண்களைக் கணக்கு எண் என்று சிலர் எடுத்து எழுதுகிறார்கள். அது வேறு. அதில் முதல் ஆறு இலக்கம் காசோலையின் எண். அடுத்த ஒன்பது இலக்கம் எம்ஐசிஆர் என்னும் ஊர், வங்கி, கிளைக் குறியீடு. அதன் பிறகு வரும் ஆறு இலக்கம் வங்கியின் உள்வேலைக்கானது. முழுக் கணக்கு எண் மேலே தனியாக அச்சாகியிருக்கும். காசோலைப் புத்தகம் இன்னும் வராவிட்டால் பாஸ்புக்கின் முதல் பக்க நகல் போதும்.

எண்ணுக்கு அடுத்தது ஆள். இந்தக் கடிதத்தை எழுதியது நீங்கள்தானா என்று கணக்குப் பிரிவுக்கு எப்படித் தெரியும்?

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஒருமுறை எங்கள் கம்பெனியின் மூத்த இன்ஜினீயர் பெயரில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வங்கி மாறிவிட்டேன், இந்த மாதச் சம்பளத்தை இந்தக் கணக்கில் போடவும், மீட்டிங்கில் இருப்பதால் போன் எடுக்க முடியாது என்று சுருக்கமாக இருந்தது. ஆங்கிலம் நன்றாகவே இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் பெரிய புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. அவர் என்னை எப்போதும் “அண்ணாச்சி” என்றுதான் எழுதுவார். இதில் “டியர் சார்” என்று இருந்தது. எழுந்து போய் ஷெட்டில் அவரைப் பிடித்துக் கேட்டேன். “நான் எந்த மெயிலும் அனுப்பலீங்களே” என்றார். அனுப்பிய முகவரியை மறுபடி பார்த்தபோதுதான் அதில் ஓர் எழுத்து வேறாக இருப்பது தெரிந்தது.

இது உலகம் முழுக்க நடக்கிற ஏமாற்று. ஊழியர்களின் சம்பளத்தை வேறு கணக்குக்குத் திருப்பும் கும்பல்களைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2018-லேயே எச்சரித்திருக்கிறது. திருடனுக்கு இதில் வசதி என்னவென்றால், சம்பளம் வரவில்லையே என்று நீங்கள் கேட்கிற நாள்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். அதனால்தான் வெறும் மின்னஞ்சலை நம்பி எண்ணை மாற்றாதே என்பது பல கம்பெனிகளில் எழுதப்பட்ட விதி. கையெழுத்திட்ட கடிதம் கேட்பார்கள். கம்பெனியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் உங்கள் போன் எண்ணுக்கு அழைத்து உறுதி செய்வார்கள். கடிதத்தில் புதிதாக எழுதியிருக்கும் எண்ணுக்கு அழைத்தால் அதை எடுப்பதே திருடனாக இருக்கலாமே. இப்படி அழைப்பு வந்தால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் பணத்துக்காகத்தான் அழைக்கிறார்கள்.

கடிதத்தில் பழைய கணக்கின் கடைசி நான்கு இலக்கங்களை எழுதச் சொல்வது இதற்காகத்தான். வெளியாளுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. கணக்கருக்கும் எந்த எண்ணை எடுத்துவிட்டு எதைப் போட வேண்டும் என்பது ஐயமில்லாமல் தெரியும். ஏடிஎம் கார்டு எண், ரகசிய எண், ஓடிபி ஆகியவற்றுக்கு இந்தக் கடிதத்தில் வேலையே இல்லை. யாராவது கேட்டால் அவர் கணக்குப் பிரிவு ஆள் அல்ல.

தமிழ்நாட்டில் பெயர் தனித் தலைவலி. அலுவலகப் பதிவில் ஒரு முன்னெழுத்தும் பெயரும் இருக்கும். வங்கியில் அந்த முன்னெழுத்து அப்பா பெயராக விரிந்து பின்னால் நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணக்கு தொடங்கிய பெண்களுக்கு முன்னெழுத்தே கணவர் பெயருக்கு மாறியிருக்கும். பணம் பெயரைப் பார்க்காது என்றாலும் எண்ணை ஏற்றுகிற கணக்கர் பார்ப்பார். இரண்டும் ஒட்டவில்லையென்றால் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார். ‘அலுவலகப் பதிவிலும் வங்கியிலும் பெயர் இப்படி இப்படி இருக்கிறது, இரண்டும் நானே’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்தத் தாமதம் இருக்காது. சந்தேகம் தீராத கணக்கர்கள் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பதும் உண்டு. உங்கள் கணக்கில் கம்பெனி பெயரில் திடீரென்று ஒரு ரூபாய் வந்தால் கிண்டல் என்று நினைக்க வேண்டாம்.

இனி நாள். ஜூலை 27-ம் தேதி சொன்னால் ஜூலைச் சம்பளம் ஏன் புதிய கணக்குக்குப் போகாது? அதுதான் அந்தப் பெண்ணும் கேட்டார். எங்கள் கம்பெனியில் 25-ம் தேதியோடு வருகைப் பதிவு முடியும். பிஎஃப், இஎஸ்ஐ, வரி, முன்பணம் எல்லாம் கழித்துப் பட்டியல் தயாராகும். 26-ம் தேதி மேலாளர் கையெழுத்து. கையெழுத்தான பட்டியலில் ஒரு கணக்கு எண்ணை மாற்ற வேண்டுமானால் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். தணிக்கையில் முதலில் நோண்டும் இடமும் அதுவே. ஒவ்வொரு கம்பெனியிலும் இந்தப் பூட்டுத் தேதி வேறாக இருக்கும். 20 என்றும் இருக்கலாம், 15 என்றும் இருக்கலாம். கடிதம் எழுதும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: “இந்த மாசப் பட்டியல் என்னைக்கு மூடுவீங்க?”

அந்தப் பெண்ணுக்கு நடந்தது இது. ஜூலை 31 சாயங்காலம் சம்பளக் கோப்பு வங்கிக்குப் போனது. அவருடைய பணம் பழைய கணக்கை நோக்கிப் போனது. கணக்கு மூடியிருந்தது. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இரவு பகல் எந்த நேரமும் ஓடுகிறது, அரை மணிக்கு ஒரு தொகுதி. வரவு வைக்க முடியாத பணத்தை, அந்தத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அப்படியே அன்று இரவே பணம் கம்பெனிக் கணக்குக்குத் திரும்பிவிட்டது. இயந்திரங்கள் தம் வேலையைச் சரியாகச் செய்தன. தாமதம் முழுக்க மனிதர்களிடம். திரும்பி வந்த அந்த ஒரு வரவை, ஆகஸ்ட் 4-ம் தேதி வங்கிக் கணக்கை ஒத்துப் பார்க்கும்போதுதான் நாங்கள் கவனித்தோம். மறுபடி அனுப்ப புது வவுச்சர். இரண்டு பேர் ஒப்புதல். ஒருவர் வெளியூரில். 6-ம் தேதி மதியம் புதிய கணக்கில் பணம் விழுந்தது. வீட்டுக் கடன் தவணை 5-ம் தேதி. கணக்கில் இருந்தது தொடங்கும்போது போட்ட ஆயிரம் ரூபாய். முதல் தவணையே திரும்பியது. அதற்குக் கட்டணம், கட்டணத்துக்கு ஜிஎஸ்டி.

“மொதத் தவணையே இப்படி ஆயிருச்சுங்களே சார்” என்று வந்து நின்றார். எங்களைப் போன்ற கம்பெனி அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தால் சட்டப்படி தாமதம் இல்லை. 6-ம் தேதி கொடுத்துவிட்டோம். அதைச் சொல்லி அவரை அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. திரும்பிய வரவை மறுநாளே பார்த்திருக்க வேண்டியது எங்கள் வேலை. பழைய கணக்கை ஒரு மாதம் விட்டுவைத்திருந்தால், நாங்கள் எவ்வளவு அசட்டையாக இருந்திருந்தாலும் அவருடைய பணம் 31-ம் தேதியே கைக்கு வந்திருக்கும். அவரே புதிய கணக்குக்கு மாற்றியிருப்பார்.

அதற்குப் பிறகு கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் எழுதிக் கொடுத்த கடித மாதிரி கீழே இருக்கிறது. எண்கள் கற்பனை.

அனுப்புநர்:
பெயர், பணியாளர் எண், பிரிவு

பெறுநர்:
கணக்குப் பிரிவு மேலாளர்,
கம்பெனியின் பெயர், ஊர்

நாள்: 10 ஜூலை

பொருள்: சம்பளம் வரவு வைக்கும் வங்கிக் கணக்கை மாற்றுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

என் சம்பளம் இதுவரை (பழைய வங்கி, கிளை) கணக்கில் வரவு வைக்கப்பட்டு வருகிறது. அதன் கடைசி நான்கு இலக்கங்கள் 4410. ஜூலை மாதச் சம்பளத்திலிருந்து கீழ்க்கண்ட கணக்கில் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

வங்கியில் உள்ளபடி என் பெயர்:
வங்கி, கிளை:
கணக்கு எண்: 4321 8765 4321 0987 (16 இலக்கம்)
ஐஎஃப்எஸ்சி: ABCD0123456 (ஐந்தாவது இலக்கம் பூஜ்யம்)
கணக்கு வகை: சேமிப்பு, என் பெயரில் தனிக் கணக்கு

ஜூலைப் பட்டியல் ஏற்கெனவே முடிந்திருந்தால் அந்த மாதச் சம்பளத்தைப் பழைய கணக்கிலேயே வரவு வைத்து, ஆகஸ்டிலிருந்து மாற்றவும். புதிய கணக்கில் முதல் சம்பளம் வரும்வரை பழைய கணக்கை மூட மாட்டேன். உறுதி செய்ய வேண்டுமானால் அலுவலகப் பதிவில் உள்ள என் கைபேசி எண்ணுக்கு அழைக்கவும்.

இணைப்பு: ரத்து செய்த காசோலை ஒன்று, பணியாளர் அடையாள அட்டை நகல்.

இப்படிக்கு,
கையெழுத்து

எண்ணை நான்கு நான்காகப் பிரித்து எழுதுவது கண்ணுக்காக. மொத்தம் எத்தனை இலக்கம் என்று பக்கத்தில் எழுதுவது, தட்டச்சு செய்தவர் எண்ணிப் பார்க்க. ‘ஜூலைப் பட்டியல் முடிந்திருந்தால்’ என்ற வரிதான் கடிதத்திலேயே அதிகம் உழைக்கும் வரி. அது இல்லாவிட்டால் கணக்கர் தனக்குத் தோன்றியதைச் செய்வார். ஏன் வங்கி மாறினீர்கள், பழைய வங்கியில் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றீர்கள் என்பதையெல்லாம் எழுத வேண்டாம். கணக்குப் பிரிவில் அதைப் படிக்க ஆள் இல்லை. கடிதத்தின் நகலில் ‘பெறப்பட்டது’ என்று தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மனிதவளப் பிரிவின் இணையதளத்தில் நீங்களே எண்ணை மாற்றும் வசதி உள்ள கம்பெனியானால், மாற்றிய பிறகு அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது அதற்கு ஈடு.

புதிய கணக்கைப் பற்றி ஒன்று. கைபேசியிலேயே ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து ஐந்து நிமிடத்தில் தொடங்கும் கணக்குகள் இருக்கின்றன. நேரிலோ வீடியோ அழைப்பிலோ உங்களைப் பார்க்காமல் ஓடிபியை மட்டும் வைத்துத் தொடங்கிய கணக்கில் ஒரு நிதியாண்டில் மொத்தம் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்கக் கூடாது, இருப்பும் 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மாதம் 35,000 ரூபாய் சம்பளக்காரருக்கு ஐந்து மாதம் பிரச்சினையில்லாமல் போகும். ஐந்து மாதத்தில் 1,75,000. ஆறாவது சம்பளம் வரும்போது 2,10,000 ஆகி வரம்பு தாண்டிவிடும். அதுவரை சரியாக வந்த சம்பளம் திடீரென்று நின்றால் கம்பெனியைத் திட்டாமல், முழு கேஒய்சி முடிந்ததா என்று வங்கியில் கேளுங்கள். கடிதம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

சம்பளக் கணக்கை மாற்றிவிட்டால் மற்றதெல்லாம் தானாக மாறிவிடும் என்று நினைப்பவர்கள் பாதிப் பேர். பிஎஃப் கணக்கில் பதிவாகியிருக்கும் வங்கி எண் அதுபாட்டுக்குப் பழையதாகவே இருக்கும். பிஎஃப் இணையதளத்தில் உங்கள் யுஏஎன் எண் வழியாகத் தனியாக மாற்ற வேண்டும். வருமான வரி திரும்ப வர வேண்டியிருந்தால் வரித் துறையின் தளத்திலும் புதிய கணக்கைச் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். பழைய கணக்கிலிருந்து வண்டித் தவணை, காப்பீடு, சீட்டு என்று எது எது பிடிக்கப்படுகிறதோ அவற்றுக்கெல்லாம் புதிய வங்கியில் புதிதாக ஒப்புதல் கொடுக்க வேண்டும். அது பதிவாகும்வரை பழைய கணக்கில் தவணைக்கு வேண்டிய பணத்தை விட்டுவையுங்கள். சம்பளம் வருவது நின்றால் சில மாதங்களில் பழைய சம்பளக் கணக்கைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக வங்கி மாற்றிவிடும். அதன் பிறகு குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் கட்டணம் பிடிக்கத் தொடங்கும். அதனால் வருஷக்கணக்கில் அப்படியே போட்டு வைப்பதும் சரியல்ல.

ஸ்டோர்ஸ் பெண் விஷயத்தில் நான் ஒன்று செய்ய முடிந்தது. திரும்பி வந்த சம்பள வரவுகளை மறுநாள் காலையே பார்ப்பது என்று எங்கள் பிரிவில் வழக்கமாக்கினேன். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி அவருடைய வங்கிக்கு, கம்பெனி லெட்டர்பேடில் எங்கள் தாமதத்தை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்தேன். பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

புதிய கணக்கில் முதல் சம்பளம் விழுந்து, தவணைகள் ஒருமுறை அதிலிருந்து பிடித்தமான பிறகு பழைய வங்கிக்குப் போங்கள். முதலில் அந்த நிதியாண்டின் கணக்கு விவரத்தை வாங்கிக்கொள்ளுங்கள், வரிக் கணக்குக்கு வேண்டியிருக்கும். மிச்சமுள்ள காசோலைகளையும் ஏடிஎம் கார்டையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டு, அப்புறம் மூடும் படிவத்தைக் கேளுங்கள்.